சி.ஏ. 125: எண் கூடினால் புற்றுநோயா?

பெண்களுக்கான ‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’ பட்டியலில் சி.ஏ. 125 என்ற ரத்தப் பரிசோதனையையும் பல இடங்களில் சேர்த்துவிடுகிறார்கள். 35 யூனிட்டைத் தாண்டினால் அறிக்கையில் அந்த எண் தடித்த எழுத்தில் வரும். இதற்கு ‘சினைப்பைப் புற்றுநோய் டெஸ்ட்’ என்று பெயர் பரவிவிட்டதால், அன்றைக்கே அந்த வீட்டில் தூக்கம் போய்விடும்.

உண்மையில் சி.ஏ. 125 என்பது ஒரு புரதம். வயிறு, நுரையீரல், இதயம் ஆகியவற்றைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வுகளும் இதைச் சுரக்கின்றன. அந்தச் சவ்வு எதனால் உறுத்தப்பட்டாலும் ரத்தத்தில் இதன் அளவு ஏறும். மாதவிடாய் நாள்களில் ஏறும், கர்ப்பத்தில் ஏறும், கர்ப்பப்பை நார்க்கட்டியிலும் கல்லீரல் சுருக்கத்திலும் ஏறும். நம் நாட்டில் முக்கியமாக நினைவில் வைக்கவேண்டியது வயிற்றுக் காசநோய். வயிற்றில் நீர் கோத்து, உடல் மெலிந்து, சி.ஏ. 125 பல நூறைத் தொட்டு, முற்றிய புற்றுநோய் போலவே அது தோன்றும். சதைத் துணுக்கை எடுத்துப் பரிசோதித்தால்தான் இரண்டையும் பிரித்தறிய முடியும். காசநோய் என்றால் மாத்திரையிலேயே குணமாகிவிடும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. முதல் ஸ்டேஜில் இருக்கும் சினைப்பைப் புற்றுநோயில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த அளவு 35-க்குள்தான் இருக்கும். நோயை எந்தக் கட்டத்தில் பிடிக்க ஆசைப்படுகிறோமோ, அங்கேதான் இந்தப் பரிசோதனை கைவிடுகிறது. பிரிட்டனில் மாதவிடாய் நின்ற 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2021-ல் வந்தது. ஆண்டுதோறும் பரிசோதித்தும் இந்த நோயால் நேரும் இறப்பு குறையவில்லை.

அப்படியானால் மருத்துவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள்? எண்ணை மட்டும் தனியாகப் பார்ப்பதில்லை. ஸ்கேனில் ஐந்து அடையாளங்களைத் தேடுவார்கள்: கட்டிக்குள் பல அறைகள், திடமான சதைப்பகுதி, இரண்டு பக்கமும் கட்டி, வயிற்றில் நீர், வேறிடத்தில் பரவல். ஒன்றுகூட இல்லையென்றால் 0, ஒன்று இருந்தால் 1, அதற்கு மேல் என்றால் 3 மதிப்பெண். மாதவிடாய் நிற்காதவருக்கு 1, நின்றவருக்கு 3. இந்த இரண்டையும் சி.ஏ. 125 அளவோடு பெருக்குவார்கள். விடை 200-ஐத் தாண்டினால் புற்றுநோய் அறுவை நிபுணரிடம் அனுப்புவது வழக்கம்.

உதாரணத்துக்கு இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு 34 வயது. மாதவிடாயின்போது தாங்க முடியாத வலி. சி.ஏ. 125 அளவு 180. இரு சினைப்பைகளிலும் பழைய ரத்தம் தேங்கிய ‘சாக்லேட் கட்டி’. வேறு அடையாளம் இல்லை. 1 × 1 × 180 = 180. இன்னொருவர் 61 வயதுக்காரர். அளவு 40தான். ஆனால் கட்டிக்குள் பல அறைகள், நடுவே திடமான சதை. 3 × 3 × 40 = 360. யார் உடனே ஓடவேண்டும்? அறிக்கையில் சின்ன எண் உள்ளவர்தான்.

இந்தப் பெருக்கலும் சந்தேகத்தை எடைபோடும் கருவி மட்டுமே. சாதாரணக் கட்டியா, புற்றா என்ற தீர்ப்பு மைக்ராஸ்கோப்பில்தான் கிடைக்கும். சாதாரணக் கட்டி எவ்வளவு பெரிதாக வளர்ந்தாலும் தன் எல்லைக்குள் நிற்கும். புற்றுச் செல்கள் எல்லையை உடைத்துப் பக்கத்துத் திசுவுக்குள் நுழைந்திருக்கும்.

ஸ்டேஜையும் ரத்தத்தில் படிக்க முடியாது. சினைப்பையோடு நின்றால் முதல் ஸ்டேஜ். இடுப்புக்குழிக்குள் பரவினால் இரண்டு. அதைத் தாண்டி வயிற்றுச் சவ்வுக்கோ வயிற்றின் பின்புற நெறிக்கட்டிகளுக்கோ போனால் மூன்று. கல்லீரலுக்குள்ளோ நுரையீரலுக்கோ போய்விட்டால் நான்கு. வயிற்றைத் திறந்து, கழுவிய நீரையும், குடல்மேல் தொங்கும் கொழுப்புச் சவ்வையும் சோதித்தே இதை உறுதிசெய்கிறார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. சந்தேகமான கட்டியில் ஊசி குத்தி நீர் எடுப்பதும், அதை உடைத்து எடுப்பதும் ஆபத்து. சினைப்பைக்குள் அடங்கியிருந்த புற்று உடைந்து சிந்தினால் அது 1ஏ-யிலிருந்து 1சி-க்கு ஏறிவிடும். முழுதாக வெளியே எடுத்திருந்தால் தேவைப்படாத கீமோதெரபி அதனாலேயே தேவைப்படலாம்.

சி.ஏ. 125 நன்றாக வேலைசெய்யும் இடம் ஒன்று உண்டு. நோய் உறுதியாகி, தொடக்கத்தில் அளவு கூடியிருந்தவருக்குச் சிகிச்சை பலிக்கிறதா என்பதை அது தெளிவாகக் காட்டும். 900 இருந்தது கீமோதெரபிக்குப் பின் 20-க்கு இறங்கினால் அது நல்ல செய்தி.

தொந்தரவு எதுவும் இல்லாமல், குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் இல்லாமல், செக்கப் பட்டியலில் இருக்கிறதே என்று இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டாம். ஆனால் 50 வயதைத் தாண்டியவருக்கு வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்த உணர்வு, அடிக்கடி சிறுநீர் போகும் தொல்லை ஆகியவை புதிதாகத் தொடங்கி மூன்று வாரமாக நீடித்தால், வாயு என்று தள்ளிப்போடாமல் மகப்பேறு மருத்துவரைப் பார்த்து ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.