பீரோவில் இருக்கும் பாலிசி யார் உயிருக்கு?

கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் பெண் ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். வயது 34. கணவர் இல்லை. மகளுக்கு 4 வயது, எல்.கே.ஜி. படிக்கிறாள். பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளம் 32,000 ரூபாய். வாடகை 8,500. மளிகை, பால், காய்கறி, கேஸ், கரண்ட் எல்லாம் சேர்த்து 9,000. பஸ், செல்போன், சில்லறைச் செலவு 3,000. பள்ளிக் கட்டணமும் வேனும் மாதக் கணக்கில் 3,500. பள்ளி விட்டதிலிருந்து அம்மா வரும்வரை குழந்தை இருக்கும் காப்பகத்துக்கு 4,500. ஆக மொத்தம் 28,500. மீதி 3,500.

அந்த 3,500-இல் 2,400 ரூபாய் ஒரு பாலிசிக்குப் போகிறது. குழந்தை பிறந்த மறு வருடம், தெரிந்த ஏஜென்ட் ஒருவர் வீட்டுக்கு வந்து, "பாப்பா படிப்புக்கும் கல்யாணத்துக்கும் ஆகும்மா" என்று சொல்லிப் போட்டுக் கொடுத்தது. மூன்று வருடமாக ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டி வருகிறார். பத்திரம் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.

அந்தப் பத்திரத்தை எடுத்து முதல் பக்கத்தைப் பார்த்தால், 'ஆயுள் காப்பீடு செய்யப்பட்டவர்' என்ற இடத்தில் இருப்பது மகளின் பெயர். அம்மாவின் பெயர் 'முன்மொழிபவர்' என்ற இடத்தில், அதாவது பணம் கட்டுகிறவர் என்ற அளவில்தான் இருக்கிறது. நாளைக்கு அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்தப் பாலிசியிலிருந்து குழந்தைக்கு உடனே ஒரு ரூபாய்கூட வராது. கூடுதல் பிரீமியம் கட்டி 'பிரீமியம் தள்ளுபடி' வசதியைச் சேர்த்திருந்தால், மீதித் தவணை கட்டாமலே பாலிசி ஓடும். முதிர்வுக் காலத்தில்தான் பணம் வரும். அதைச் சேர்க்காவிட்டால், கட்ட ஆளில்லாமல் பாலிசி சுருங்கிப்போகும்.

சம்பாதிப்பவர் ஒருவராக இருக்கும் வீட்டில் காப்பீடு செய்ய வேண்டியது சம்பாதிப்பவரின் உயிரைத்தான். குழந்தையின் பெயரில் போடுவதுதான் பாசம் என்று நம்மிடம் விற்கிறார்கள். ஆனால் அந்தக் குழந்தை நிற்பது அம்மாவின் சம்பளத்தில்.

எவ்வளவுக்குப் போடுவது? அம்மா இல்லாமல் போனால் மகளை வளர்க்கப்போவது பாட்டியோ சித்தியோ என்று வைத்துக்கொள்வோம். குழந்தையின் சாப்பாடு, படிப்பு, மருந்து, வளர்ப்பவருக்கு ஒரு தொகை எல்லாம் சேர்த்து இன்றைய விலையில் மாதம் 15,000. அவள் 22 வயதில் சொந்தக் காலில் நிற்கும்வரை 18 வருடம். பெருக்கினால் 32 லட்சத்து 40 ஆயிரம். மேற்படிப்புக்கு ஒரு 10 லட்சம் சேர்த்தால் 42 லட்சத்துக்கு மேல். விலைவாசி ஏறும், போட்டு வைத்த பணத்துக்கு வட்டியும் வரும்; ஒன்றை ஒன்று ஏறக்குறைய ஈடுகட்டும். அதனால் 50 லட்சம் என்று முழுசாக்கிக்கொள்ளலாம்.

இதற்கு வேண்டியது டெர்ம் பாலிசி. உயிரோடு இருந்தால் கட்டிய பணம் திரும்ப வராது. அதனால்தான் அது மலிவு. புகைப்பழக்கமோ நோயோ இல்லாத 34 வயதுப் பெண்ணுக்கு, 20, 22 வருடக் காலத்துக்கு 50 லட்சம் என்றால் வருடத்துக்கு 7,000 ரூபாய் அளவில் ஆகும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. மாதத்துக்குப் பிரித்தால் 600 ரூபாய் வரும். மாதம் 2,400 கட்டியும் கிடைக்காத பாதுகாப்பு 600 ரூபாயில் கிடைக்கிறது.

விண்ணப்பத்தில் சுகர், பிரஷர், ஆபரேஷன் எதையும் மறைக்கக் கூடாது. ஏஜென்ட் "அதெல்லாம் வேண்டாம்மா" என்றாலும் எழுதுங்கள். மூன்று வருடத்துக்குள் மரணம் நேர்ந்தால் கம்பெனி பழைய மருத்துவச் சீட்டுகளைத் தோண்டிப் பார்க்கும். அப்போது பதில் சொல்ல நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

பழைய பாலிசியை என்ன செய்வது? புது டெர்ம் பாலிசி கைக்கு வரும்வரை எதையும் நிறுத்தக் கூடாது. வந்த பிறகு, பழைய பாலிசியின் கிளை அலுவலகத்தில் இரண்டு தொகைகளை எழுத்தில் கேட்க வேண்டும். ஒன்று, இன்று சரண்டர் செய்தால் என்ன கிடைக்கும். இன்னொன்று, இனிக் கட்டாமல் 'பெய்ட்-அப்' ஆக்கினால் முதிர்வில் என்ன கிடைக்கும். நம் உதாரணத்துப் பெண் இதுவரை கட்டியது 86,400 ரூபாய். சரண்டரில் 40,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதிகூட இல்லை, மனசு ஆறாது. கையில் ஏற்கெனவே சேமிப்பு இருப்பவர் பெய்ட்-அப் ஆக்கிவிட்டு மறந்துவிடலாம். கையில் ஒன்றுமே இல்லாதவருக்கு சரண்டர்தான் சரி என்பேன். அந்த 40,000 ஒரு மாதத்துக்கும் மேல் வீட்டை ஓட்டும்.

அடுத்தது ஆஸ்பத்திரி. சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு, குழந்தைக்கும் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம், தனக்கே நோய் வந்து லீவு போட்டால் சம்பளத்தில் ஒரு பங்கும் கிடைக்கும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை உண்டு. 32,000 சம்பளக்காரர் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறவர். ஆபீஸ் தரும் குரூப் பாலிசி வேலை போகிற அன்றே போய்விடும். அதனால் அம்மாவுக்கும் மகளுக்குமாக 5 லட்சத்துக்கு ஒரு சொந்தப் பாலிசி வேண்டும். வருடம் 12,000 அளவில் ஆகும். இதில் ஒரே ஒரு வரியை மட்டும் கவனமாகப் படியுங்கள்: அறை வாடகைக்கு உச்சவரம்பு உண்டா? நாளைக்கு 5,000 வரைதான் என்று இருந்து, நீங்கள் 8,000 ரூபாய் அறையில் தங்கிவிட்டால், வெட்டு அந்த 3,000-த்தோடு நிற்காது. டாக்டர் கட்டணம், ஆபரேஷன் கட்டணம் முதலியவற்றையும் அதே விகிதத்தில் குறைத்துத்தான் தருவார்கள்.

இனிக் காப்பகம். வரவு செலவு இடிக்கும்போது முதலில் கை வைப்பது இதில்தான். 4,500 கொடுக்கிறோமே, அடுத்த தெருவில் ஒரு பாட்டி 2,000-க்குப் பார்த்துக்கொள்கிறாராமே என்று தோன்றும். பாட்டி அன்பானவராகவே இருப்பார். ஆனால் அவருக்கு முழங்கால் வலி வந்தால், ஊரில் விசேஷம் வந்தால், அன்று காப்பகம் கிடையாது. நம் பெண்ணின் ஒரு நாள் சம்பளம், மாதம் 26 வேலை நாள் என்று கொண்டால், 1,230 ரூபாய். லீவெல்லாம் தீர்ந்த பிறகு மாதத்தில் மூன்று நாள் சம்பளம் போனால் 3,690. மிச்சம் பிடித்தது 2,500. கூடவே, "இந்தம்மா அடிக்கடி லீவு" என்ற பெயரும் சேரும். ஆகவே காப்பகக் கட்டணத்தைச் சம்பாதிப்பதற்கு ஆகும் செலவாக எண்ண வேண்டும், பஸ் பாஸ் மாதிரி.

காப்பகத்தில் கட்டணத்தைக் கேட்பதற்கு முன் வேறு மூன்று விஷயங்கள் கேட்க வேண்டும். மாலை எத்தனை மணிவரை, தாமதமானால் என்ன? சனிக்கிழமை உண்டா? மே மாதம் முழு நாளுக்கு எவ்வளவு? மே மாதம்தான் பலருக்கும் அடி விழுகிறது. பள்ளி இருக்காது, காப்பகம் முழு நாள் கட்டணம் கேட்கும், அது முடிவதற்குள் ஜூன் கட்டணமும் நோட்டுப் புத்தகமும் சீருடையும் வந்து நிற்கும். மேலே சொன்ன 3,500, 4,500 எல்லாம் வருடச் செலவை 12-ஆல் வகுத்த தொகையாக இருக்க வேண்டும். குறைவாக ஆகும் மாதத்தில் மிஞ்சுவதைத் தனியாக எடுத்து வைத்தால்தான் மே, ஜூனில் நகையை அடகு வைக்காமல் தப்பலாம்.

காய்ச்சல் இருக்கும் குழந்தையை எந்த நல்ல காப்பகமும் சேர்க்காது. அந்த நாளுக்கென்று பக்கத்து வீட்டு அக்காவோ, மேல்மாடி அத்தையோ ஒருவரிடம் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். "நாள் ஒன்றுக்கு 400 ரூபாய் தர்றேன் அக்கா, மறுக்காம வாங்கிக்கணும்" என்று சொல்லி, மாதம் 400 அதற்கென ஒதுக்கிவிடுங்கள். காசு வாங்காத உதவியை மூன்றாம் முறை கேட்க நமக்கே வாய் வராது.

கட்டணம் குறையும் வழிகளும் உண்டு. 50 பேர், அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி இருக்க வேண்டும் என்பது சட்டம். 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது வந்தது. தனியாகக் கேட்டால் தட்டிக்கழிப்பார்கள். சின்னக் குழந்தையுள்ள நான்கைந்து பேர் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள். மகள் ஒன்றாம் வகுப்புக்கு வரும்போது அரசுப் பள்ளியையும் போய்ப் பாருங்கள். ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவும் அங்கேயே கிடைக்கிறது.

கடைசியாகச் சேமிப்பு. 3,500-இல் டெர்ம் பாலிசிக்கு 600, மருத்துவத்துக்கு 1,000, காய்ச்சல் நாளுக்கு 400 போனால் மிச்சம் 1,500. இதை வங்கி ஆர்.டி.யில் போடலாம், வட்டி கொஞ்சம் குறைந்தாலும் இடையில் உடைக்கலாம். பதிவு செய்யாத சீட்டில் போட வேண்டாம். சரண்டரில் வந்த 40,000-மும் சேர்ந்தால், மூன்று மாதச் செலவான 85,500-ஐ எட்ட இரண்டரை வருடத்துக்கு மேல் ஆகும். மெதுவான கணக்குதான். அதுவரை இருக்கிற நகை இரண்டாம் காவல். மகள் பெயரில் செல்வமகள் கணக்கை அவளுக்கு 10 வயது ஆவதற்குள் தொடங்கினால் போதும். வருடம் 250 ரூபாய் போட்டாலே உயிரோடு இருக்கும். கையிருப்பு நிரம்பியதும் 1,500-ஐ அதற்குத் திருப்பலாம். "வரி மிச்சமாகும்" என்று சொல்லி யாராவது வேறு எதையாவது விற்க வந்தால், புதிய வரி முறையில் ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை வரியே இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

இத்தனையும் செய்த பிறகு ஒரு வேலை பாக்கி. நாமினி மகள்தான், ஆனால் அவள் மைனர். 18 வயது வரை அவளுக்காகப் பணத்தை வாங்கி வைக்க ஒருவரைப் பாலிசியில் நியமிக்க வேண்டும். நம்பிக்கையான தங்கையோ அண்ணனோ. பி.எஃப். கணக்கில் பழைய நாமினி பெயர் தானாக மாறாது. ஆன்லைனில் நீங்கள்தான் மாற்ற வேண்டும். பி.எஃப். உறுப்பினர் வேலையில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை காப்பீட்டுத் தொகை உண்டு, பிள்ளைக்கு 25 வயது வரை பென்ஷனும் உண்டு. இது தெரியாமலே விட்டுவிடும் வீடுகள் உண்டு. கணவரை இழந்த இந்துத் தாய், குழந்தைக்குப் பாதுகாவலர் யார் என்று உயிலில் எழுதலாம். வெள்ளைத்தாள் போதும், இரண்டு சாட்சி கையெழுத்து வேண்டும். விவாகரத்தானவர்களுக்கு இது அவ்வளவு நேரானதல்ல. தந்தை உயிரோடு இருந்தால் அவர் உரிமை கேட்கலாம் என்பதால், வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் செலவழியுங்கள்.

பாலிசி எண்கள், பி.எஃப். எண், வங்கிக் கணக்கு, உயிலின் நகல் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு, அது பீரோவில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று அந்தத் தங்கையிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.