கனஅடியை எப்படி எண்ணுகிறார்கள்?

காவிரியில் கர்நாடகம் திறந்துவிடும் நீர் பிலிகுண்டுலுவில் அளக்கப்படுகிறது. மத்திய நீர் ஆணையத்தின் அளவை நிலையம் அங்கே இருக்கிறது. வினாடிக்கு இத்தனை ஆயிரம் கனஅடி என்று நாளிதழில் படிக்கிறோம். இதுபோன்ற கணக்குகளுக்கு அடிப்படையான முறை எளியது: நீர் ஓடும் குறுக்குப் பரப்பையும் ஓட்டத்தின் வேகத்தையும் பெருக்குவது. ஆனால் ஆற்றில் எல்லா இடத்திலும் ஒரே வேகம் இருப்பதில்லை. அடித்தரையும் கரையும் நீரை இழுத்துப் பிடிக்கின்றன, நடுவில் அது விரைகிறது. அதனால் குறுக்குவெட்டைப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியாக அளந்து கூட்டுகிறார்கள்.

வேகத்தை அளப்பது கரண்ட் மீட்டர். சிறு கிண்ணங்கள் கொண்ட ஒரு சக்கரம் நீரோட்டத்தில் சுழலும், சுற்றுகளை எண்ணிக்கொள்வார்கள். அதை எந்த ஆழத்தில் பிடிப்பது? மேற்பரப்பிலிருந்து ஆழத்தின் பத்தில் ஆறு பங்கில் உள்ள வேகம், அந்தச் செங்குத்துக்கோட்டின் சராசரிக்கு மிக அருகில் வரும். முக்கால் மீட்டருக்கு மேல் ஆழமிருந்தால் இரண்டு பங்கிலும் எட்டுப் பங்கிலும் அளந்து சராசரி எடுப்பது நல்லது.

6 மீட்டர் அகல வாய்க்கால் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மீட்டருக்கு ஒன்றாக ஐந்து இடங்களில் அளக்கிறோம். நடுவில் ஆழம் 0.7 மீட்டர், ஆகவே மேற்பரப்பிலிருந்து 0.42 மீட்டர் கீழே கருவியைப் பிடிக்க வேண்டும். 50 வினாடியில் 50 சுற்று, அதாவது வினாடிக்கு ஒன்று. கருவியின் அளவீட்டுச் சமன்பாடு v = 0.67n + 0.01 என்றால் வேகம் 0.68 மீட்டர். பட்டையின் அகலம் இருபுறமும் அரை அரை மீட்டராக 1 மீட்டர், பரப்பு 0.7 சதுர மீட்டர். பெருக்கினால் வினாடிக்கு 0.476 கன மீட்டர். மற்ற நான்கும் சேர்ந்து 0.758 என்றால் மொத்தம் 1.234 கன மீட்டர், ஏறக்குறைய 44 கனஅடி.

இந்தக் கணக்கை நான் ஏற்கமாட்டேன். நடுப்பட்டை ஒன்றே மொத்த நீரில் 39 சதவீதத்தைச் சுமக்கிறது. அங்கே சற்றுத் தவறினாலும் விடை சாய்ந்துவிடும். ஒரு பட்டை பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது, ஐந்துக்குள் நிற்பது இன்னும் நல்லது என்பது களத்து விதி. இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் அளப்பது அதற்காகத்தான்.

நிற்கும் இடமும் முக்கியம். கருவிக்கு மேல்பக்கம் கால் வைத்தால் கால் கலக்கிய நீரைத்தான் அளப்போம், எனவே கீழ்ப்பக்கமாக, ஓரத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் குறைந்தது 40 வினாடி எண்ண வேண்டும், ஏனெனில் ஓட்டம் கணத்துக்குக் கணம் ஏறி இறங்கும். இறங்குவதற்கு முன் காற்றில்லாத இடத்தில் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்ப்பார்கள். மெல்ல மெல்லத் தளர்ந்து நின்றால் சரி. வெடுக்கென்று நின்றால் அச்சில் மண்ணோ தேய்மானமோ இருக்கிறது. அந்தக் கருவி மெதுவான நீரில் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும்.