காரில் மணி சரி, தேதி மட்டும் ஏன் தப்பு?

பேட்டரி மாற்றி வந்த காரில் மணி சரியாக ஓடுகிறது. தேதி மட்டும் காலை முழுக்க ஒரு நாள் பின்தங்கி இருந்து, மதியத்துக்கு மேல் தானாகச் சரியாகிவிடுகிறது. டேஷ்போர்டு பழுது என்று நினைக்க வேண்டாம். நேரம் வைக்கும்போது AM, PM மாறிப்போயிருக்கிறது.

பேட்டரி இணைப்பைக் கழற்றினால் பல கார்களில் கடிகாரம் முதலிலிருந்து தொடங்கும். 14-ஆம் தேதி பிற்பகல் 3:40-க்கு நீங்கள் நேரம் வைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 12 மணி நேர முறையில் 3:40 என்று தெரிந்தாலே போதும் என்று விட்டுவிடுவோம். கடிகாரமோ அதை விடியற்காலை 3:40 என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அன்றைய நள்ளிரவு அதற்கு நண்பகல்; எனவே தேதி மாறாது. மறுநாள் நண்பகலில்தான் 15 என்று மாறும். காலையில் நேரம் வைக்கும்போது PM என்று விழுந்துவிட்டால் இது தலைகீழாகும்: காலையில் தேதி சரியாக இருக்கும், மதியத்துக்குப் பிறகு ஒரு நாள் முந்தியிருக்கும்.

இதைத் தவிர்க்க எளிய வழி உண்டு. செட்டிங்ஸில் முதலில் 24 மணி நேர முறைக்கு மாற்றுங்கள். பிற்பகல் 3:40 என்றால் 15:40 என்று வையுங்கள். தேதியையும் ஆண்டையும் சரிபார்த்த பிறகு, விருப்பப்பட்டால் 12 மணி நேர முறைக்குத் திரும்புங்கள். இந்தத் தேர்வு திரையில் தெரியும் எழுத்தை மட்டுமே மாற்றும். உள்ளே ஓடும் நேரத்தைத் தொடாது.

தொடுதிரை உள்ள கார்களில் பலவும் ஜி.பி.எஸ். மூலம் நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. செயற்கைக்கோள் தரும் நேரத்திலிருந்து கிடைப்பது உலகப் பொது நேரம். அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டினால்தான் இந்திய நேரம். காலை 10 மணிக்குத் திரை 4:30 காட்டினால், நேர மண்டலம் +5:30 என்று அமையவில்லை என்று பொருள். மணியைக் கையால் திருத்தாமல் மண்டலத்தை மாற்றுங்கள். சில நிமிடங்கள் மட்டும் பிசகினால், தானியங்கி நேரம் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்மார்ட்வாட்ச் பெரும்பாலும் போனின் நேரத்தையே புளூடூத் வழியாகப் பெறுகிறது. ஆகவே வாட்சில் தேடுவதற்கு முன் போனில் தானியங்கி தேதி, நேரம் இயங்குகிறதா என்று பார்த்து, பிறகு வாட்சின் செயலியைத் திறந்து இணையவிடுங்கள். 24 மணி நேரத் தேர்வு சில வாட்ச்களில் போனைப் பின்பற்றும். ஆப்பிள் வாட்சில் அதன் செட்டிங்ஸிலேயே, கடிகாரப் பகுதியில் இருக்கிறது.

ஆண்டே இருபது வருடம் பின்னால் போயிருந்தால் மட்டும் உங்கள் கையில் தீர்வில்லை. 2022 ஜனவரியில் பழைய ஹோண்டா கார்கள் பலவற்றில் ஆண்டு 2002 என்று மாறியது. ஜி.பி.எஸ். அனுப்பும் வார எண் 1024 வாரங்களுக்கு ஒருமுறை சுழியத்துக்குத் திரும்பும்; அதைச் சரியாகக் கையாளாத பழைய கருவி ஏறக்குறைய 20 ஆண்டு பின்னே போய்விடும். அப்போது மென்பொருள் புதுப்பிப்பு இருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் கேட்பதே வழி.