திரைச்சீலை பாதியில் நின்றால்

ஜன்னல் திரையை இழுக்கிறோம். பாதி வழியில் நின்றுவிடுகிறது. இன்னும் பலமாக இழுத்தால் மேலே 'டக்' என்று ஒரு சத்தம், துணி ஓரிடத்தில் தொங்கிப்போகிறது. உடைந்தது அலுமினியத் தடத்துக்குள் ஓடும் சின்ன பிளாஸ்டிக் ரன்னர். வெயில் படும் ஜன்னலில் பிளாஸ்டிக் சில வருடங்களில் மஞ்சளித்து, நகத்தால் அழுத்தினாலே நொறுங்கும். ஒன்று உடைந்திருந்தால் மற்றவையும் அதே வயதுதான். மொத்தமாக மாற்றுவதே நல்லது.

முதலில் துணியைக் கொக்கிகளோடு கழற்றுங்கள். தடத்தின் ஒரு முனையில் உள்ள மூடியைத் திருகு தளர்த்தி எடுத்தால், ரன்னர்கள் வரிசையாக வழுக்கி வெளியே வரும். பழையதில் ஒன்றைக் கடைக்குக் கையோடு கொண்டுபோங்கள். சக்கரம் வைத்ததா, வெறுமனே வழுக்குவதா, அகலம் என்ன என்பதைக் கண்ணால் பார்த்து வாங்க முடியாது. ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் இறுகும், குறைந்தால் கழன்று விழும்.

தடத்துக்குள் தூசியும் நூலும் சேர்ந்து கம்பளிபோல் படிந்திருக்கும். பழைய பல்துலக்கியால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். தூசியை அதுதான் பிடித்து வைக்கும். சிலிக்கான் ஸ்ப்ரேயைத் துணியில் அடித்துத் தடவினால் போதும்.

சுத்தம் செய்தும் ஒரே இடத்தில் சிக்கினால், குற்றம் ரன்னரில் இல்லை. அங்கே தடத்தின் உதடு நசுங்கியிருக்கும், அல்லது தாங்கியின் திருகு தளர்ந்து தடம் தொய்ந்திருக்கும்.