அழைப்பிதழில் தமிழ் ஏன் ஆங்கிலமாகிறது?

அச்சகத்துக்கு வந்த பி.டி.எஃப். கோப்பைத் திறந்தால், தலைப்பில் `jpUkz miog;gpjo;` என்று இருக்கிறது. பாமினி எழுத்துருவில் பழகிய டி.டி.பி.காரர் இதைக் கண்டு பதற மாட்டார். ‘திருமண அழைப்பிதழ்’ என்று பார்த்ததுமே படித்துவிடுவார். கோப்பு வந்திருக்கிறது, எழுத்துரு கூட வரவில்லை என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். அனுப்பியவருக்குத்தான் புரியாது. “என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே தெரியுது?” என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. அவருடைய கணினியில் பாமினி இருக்கிறது, அச்சகத்தின் புதுக் கணினியில் இல்லை.

எந்த இயந்திரத்தில் திறந்தாலும் பக்கம் ஒன்றுபோலவே தெரிய வேண்டும் என்பதற்காக அடோபி நிறுவனம் 1993இல் வெளியிட்ட வடிவம்தான் பி.டி.எஃப். ஆனால் அந்த வாக்குறுதிக்குள் ஒரு நிபந்தனை இருக்கிறது. பக்கத்தில் எந்த இடத்தில் எந்தக் குறியீட்டு எண்ணுக்குரிய எழுத்து, எந்த அளவில் வர வேண்டும் என்பதைக் கோப்பு தவறாமல் வைத்திருக்கும். அந்த எழுத்தின் வடிவத்தை வைத்திருக்கலாம், வைத்திராமலும் இருக்கலாம். வடிவத்தையும் உள்ளே வைப்பதைத்தான் எழுத்துருவை ‘எம்பெட்’ செய்வது என்கிறார்கள். வைக்காவிட்டால் எழுத்துருவின் பெயர் மட்டும் போகும். திறக்கும் கணினி அந்தப் பெயரைத் தன்னிடம் தேடும். கிடைக்காவிட்டால் வேறொன்றைப் போட்டுச் சமாளிக்கும்.

பாமினியில் இந்தச் சமாளிப்பு எப்படி விபரீதமாகிறது என்று பார்ப்போம். யூனிகோடு பரவுவதற்கு முன் வந்த இத்தகைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. j இருக்க வேண்டிய இடத்தில் ‘த’, k இடத்தில் ‘ம’, அரைப்புள்ளி இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளி. கோப்பைப் பொறுத்தவரை அங்கே இருப்பது j என்ற எண்தான். பாமினி போய் ஏரியல் வந்தால், j தன் சொந்த முகத்தைக் காட்டிவிடுகிறது. அகல அளவுகள் கோப்பிலேயே இருப்பதால் வரிகள் பெரும்பாலும் இடம் மாறுவதில்லை. தமிழுக்கு விட்ட இடைவெளியில் ஆங்கில எழுத்துகள் சில இடங்களில் நெருக்கியடித்தும் சில இடங்களில் விலகியும் நிற்கும். இந்தத் தோற்றமே நோயைக் காட்டிக்கொடுக்கும் அறிகுறி.

யூனிகோடில் அடித்தால் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். ‘கொ’ என்ற எழுத்தைத் திரையில் காட்ட ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்று மூன்று வடிவங்கள் தேவை. அவற்றைத் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தும் வேலையை வேர்டு போன்ற மென்பொருளே முடித்துவிடுகிறது. பி.டி.எஃப்.புக்குள் பெரும்பாலும் போவது அந்த வடிவங்களின் வரிசை எண்கள். எழுத்துருவும் உள்ளே இருந்தால் தமிழே தெரியாத ஒரு பழைய கைபேசிகூட ‘கொ’வைச் சரியாக வரைந்துவிடும். இல்லாவிட்டால் அந்த எண்களுக்கு ஒரு பொருளும் இல்லை. இன்னோர் எழுத்துருவில் அதே எண் வேறு எதையாவது குறிக்கும், அல்லது வெறும் கட்டமாக வரும். பாமினிக் கோப்பையாவது பழகிய கண் படித்துவிடும், இதைப் படிக்க முடியாது.

அனுப்புவதற்கு முன் சோதிக்க அரை நிமிடம் போதும். அக்ரோபாட் ரீடரில் கோப்பைத் திறந்து ஆவணத்தின் `Properties` போய் `Fonts` பக்கத்தைப் பாருங்கள். ஒவ்வோர் எழுத்துருவின் பெயருக்கும் பக்கத்தில் `(Embedded)` அல்லது `(Embedded Subset)` என்று இருக்க வேண்டும். பெயர் மட்டும் தனியாக நின்றால் அந்த எழுத்துரு உள்ளே இல்லை. லினக்ஸ் வைத்திருப்பவர்கள் `pdffonts` என்ற கட்டளையால் பார்ப்பார்கள். விடை ஏறத்தாழ இப்படி வரும்:

```
name           type          emb  sub
Bamini         TrueType      no   no
XQKTBA+Latha   CID TrueType  yes  yes
```

`emb` பத்தியில் `no` என்று இருப்பதுதான் வில்லன். லதாவுக்கு முன்னால் ஒட்டியிருக்கும் ஆறு பெரிய எழுத்துகளும் கூட்டல் குறியும், எழுத்துருவில் பயன்படுத்திய எழுத்துகள் மட்டும் கிள்ளி வைக்கப்பட்டுள்ளன என்பதற்கான அடையாளம். இதனால் கோப்பு பெருத்துவிடும் என்ற பயத்துக்கு இடமில்லை. ஏரியல் யூனிகோடு எழுத்துரு 20 எம்.பி.க்கு மேல் இருக்கும். ஒரு பக்கத் தமிழுக்கு அதில் தேவைப்படுவது சொற்ப வடிவங்கள்தான்.

எம்பெட் ஆகாமல் போவது எங்கே? வேர்டிலும் லிப்ரே ஆபீஸிலும் பி.டி.எஃப். ஆகச் சேமித்தால் பெரும்பாலும் எழுத்துரு தானாகவே உள்ளே போய்விடும். அக்ரோபாட்டில் `Smallest File Size` என்ற அமைப்பைத் தேர்ந்தால்தான் சிக்கல். கோப்பைச் சுருக்குவதற்காக அது எழுத்துருவையும் கூடியவரை தவிர்த்துவிடும். அச்சுக்கு அனுப்புவதானால் `Press Quality` வையுங்கள். வேர்டில் சேமிக்கும்போது `Options` பொத்தானுக்குள் பி.டி.எஃப்./ஏ வகைக்கான பெட்டியைத் தட்டுங்கள். நெடுநாள் பாதுகாப்புக்காக 2005இல் வகுத்த அந்தத் தரம், எழுத்துரு உள்ளே இல்லாத கோப்பை ஏற்றுக்கொள்வதில்லை. `Save` அமைப்பில் தென்படும் `Embed fonts in the file` என்பது வேர்டு கோப்புக்கானது. அதைத் தட்டிவிட்டு பி.டி.எஃப்.புக்கும் சேர்த்து நிம்மதியாக இருப்பவர்கள் பலர்.

சில எழுத்துருக்கள் உள்ளே வரவே மறுக்கும். எம்பெட் செய்யலாமா கூடாதா என்று தயாரித்தவர் அதற்குள்ளேயே குறித்து வைத்திருப்பார். விண்டோஸில் எழுத்துருக் கோப்பின் `Properties`க்குள் `Details` பக்கத்தில் `Font embeddability` என்ற வரியில் அதைப் பார்க்கலாம். `Restricted` என்று இருந்தால் வேறு எழுத்துருவுக்கு மாறுவதே மேல்.

நம் ஊர் அச்சகங்கள் இவ்வளவு ஆராய்வதில்லை. “கர்வ் பண்ணி அனுப்பிடுங்க” என்பார்கள். கோரல் டிராவில் எல்லா எழுத்தையும் தேர்ந்து `Ctrl+Q` அழுத்தினால் எழுத்துகள் வெறும் கோட்டுப் படங்களாகிவிடும். அதன்பின் எழுத்துருவே தேவையில்லை. ஓர் அழைப்பிதழுக்கு இது நல்ல வழிதான். நூறு பக்கப் புத்தகத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்குள் ஒரு சொல்லையும் தேட முடியாது, பிழையைத் திருத்தவும் முடியாது.

திருத்தம் என்றதும் இன்னொன்று. எம்பெட் செய்த பி.டி.எஃப்.பை அச்சகத்தில் திறந்து, கடைசி நேரத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் பெயரை ‘ராமன்’ என்பதிலிருந்து ‘ராஜன்’ என்று மாற்றச் சொல்வார்கள். அழைப்பிதழில் வேறெங்கும் ‘ஜ’ இல்லையென்றால், கிள்ளி வைத்த எழுத்துருவிலும் ‘ஜ’ இருக்காது. அந்த ஓர் எழுத்து மட்டும் வேறு முகத்தோடு வரும், அல்லது வரவே வராது. இப்படிப்பட்ட மாற்றத்தை மூலக் கோப்பில் செய்து, பி.டி.எஃப்.பைப் புதிதாக எடுத்து, `Fonts` பக்கத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு அனுப்புவதுதான் வழி.