வேலையை விடுகிறேன் என்றவருக்குச் சம்பளத்தைக் கூட்டிக் கொடுப்பதா?

டென்மார்க்கில் எம்மவர்கள் சிலர் இன்று பிறருக்குச் சம்பளம் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள். அவர்களின் கணக்குகளைப் பார்க்கும் எங்களிடம் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. நல்ல வேலையாள் ஒருவர், வேறிடத்தில் கூடுதலாகத் தருகிறார்கள் என்று விலகல் கடிதம் தந்துவிட்டார். அதே தொகையைக் கொடுத்து அவரை மறிப்பதா, போகவிடுவதா? "நன்றி கெட்டவர்" என்ற சொல்லும் அந்தக் கேள்வியோடு சேர்ந்தே வரும். அதைப் பதிவதற்குக் கணக்குப் புத்தகத்தில் இடமில்லை என்பதால் கணக்குக்கு வருவோம்.

யூலண்டில் ஒரு மொத்த வியாபார நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே கணக்கு எழுதுவோர் மூவர். அவர்களில் சிறந்தவருக்கு மாதம் 38,000 குரோனர். மற்ற நிறுவனம் அவருக்கு 43,000 தருவதாகச் சொல்கிறது. வித்தியாசம் 5,000. முதலாளி கட்டும் ஓய்வூதியப் பங்கு 8 வீதம் என்றால் அதையும் சேர்த்து மாதம் 5,400 ஆகிறது. வருடத்துக்கு 64,800.

அவர் போனால் என்ன செலவு? இங்குள்ள அலுவலர் சட்டமான ஃபுங்ஷொனேர்லோவின்படி, வேலையாள் விலகுவதற்கு ஒரு மாத அறிவித்தல் போதும். அது மாத முடிவில் முடிய வேண்டும். மார்ச் நடுப்பகுதியில் கடிதம் தந்தவர் ஏப்ரல் கடைசியில் போய்விடுவார். புதியவரை மே மாதத்தில் தெரிவு செய்தாலும், அவரும் தன் பழைய இடத்தில் ஒரு மாத அறிவித்தல் கொடுத்து வரவேண்டும். ஆகவே ஜூலைக்கு முன் கதிரை நிரம்பாது. அந்த இரண்டு மாதமும் தற்காலிக ஆளை மணிக்கு 400 குரோனர்படி எடுத்தால், மிஞ்சும் சம்பளத்தைக் கழித்த பிறகும் கிட்டத்தட்ட 46,000 கூடுதலாகப் போகும். புதியவர் வந்து முதல் மூன்று மாதம் பாதி வேலைதான் செய்வார் என்று கணித்தால் அதில் இன்னும் 61,500. மொத்தம் ஏறக்குறைய 107,500 குரோனர்.

ஒருமுறைச் செலவு 107,500, வருடாவருடம் போவது 64,800. பலர் இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு உடனே கூட்டிக் கொடுக்கிறார்கள். முடிவைத் தீர்மானிக்கும் கேள்வி ஒன்று இன்னும் மிச்சம் இருக்கிறது. 43,000 என்பது இந்த வேலையின் இன்றைய விலையா, அல்லது அந்த ஒரு நிறுவனம் மட்டும் தரும் விலையா?

அதுதான் சந்தை விலை என்றால், புதிதாக வருபவருக்கும் 43,000 கொடுக்கத்தான் வேண்டும். அப்படியானால் 64,800 அவரை மறிப்பதற்கான செலவே அல்ல, அது எப்படியும் போகும் பணம். அவரை வைத்திருந்தால் 107,500 மிச்சம். சந்தை விலை 38,000 தான் என்றால் கணக்கு தலைகீழாகும். ஏறக்குறைய இருபது மாதத்தில் கூடுதல் சம்பளம் அந்த 107,500ஐத் தாண்டிவிடும், அதற்குப் பிறகும் நிற்காது. இருபத்தோராம் மாதத்தில் அவர் போய்விட்டாலோ இரண்டு செலவும் உங்கள் தலையில்.

விலையை அறிய எச்கே தொழிற்சங்கத்தின் சம்பளப் புள்ளிவிபரமும் டென்மார்க் புள்ளிவிபரத் திணைக்களத்தின் அட்டவணைகளும் உதவும். அந்தப் புதிய பதவியில் என்ன வேலை என்பதையும் அவரிடமே கேளுங்கள். அங்கே ஆட்களை நடத்தும் பொறுப்பும் சேர்ந்திருந்தால், 43,000 வேறொரு வேலையின் விலை.

மற்ற இருவரையும் மறக்கக் கூடாது. தன் சம்பளத்தை யாருக்கும் சொல்லும் உரிமை இங்கே சம சம்பளச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே இரகசியம் காக்கச் சொல்லிப் பயனில்லை. சந்தை உயர்ந்துவிட்டது என்பதற்காக ஒருவருக்குக் கூட்டினால், அதே வேலை செய்யும் மூவருக்கும் கூட்டும் நாள் தூரத்தில் இல்லை. அது வருடம் 194,400. இந்தத் தொகையைத் தாங்க முடியுமா என்று பார்த்த பிறகே வாய் திறப்பது நல்லது.

பணம்தான் காரணமா என்பதை அறிய நாங்கள் கேட்கச் சொல்லும் கேள்வி: "போன வருடச் சம்பளப் பேச்சில் இதைத் தந்திருந்தால் வேறு வேலை தேடியிருப்பீர்களா?" உடனே "இல்லை" என்றால் பேசலாம். நேர அட்டவணை, மேலாளர், தூரம் என்று பதில் வேறு பக்கம் திரும்பினால், 5,000 குரோனர் சில மாத அவகாசத்தை மட்டுமே வாங்கித் தரும்.

அவர் நிற்கச் சம்மதித்தால் ஒரு வேலை இருக்கிறது. கையில் கிடைத்த விலகல் கடிதம் சட்டப்படி செல்லும். அதை ஒருவர் தனியாகத் திரும்பப் பெற முடியாது. கடிதம் இரத்தாகிறது, சேவைக்காலம் தொடர்கிறது, புதிய சம்பளம் இன்ன திகதியிலிருந்து என்று எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். அவர் மற்ற இடத்தில் ஏற்கெனவே ஒப்பமிட்டாரா என்றும் கேளுங்கள். ஒப்பமிட்டிருந்தால் அங்கேயும் முறைப்படி அறிவித்து விலக வேண்டும். சொல்லாமல் போகாது விட்டால் அந்த முதலாளி குறைந்தது அரைமாதச் சம்பளத்தை இழப்பீடாகக் கேட்கலாம், அதைக் கட்டவேண்டியவர் வேலையாள்தான்.