காலையில் திறக்காத போன் ராத்திரி திறப்பது ஏன்?

எங்கள் தெருமுனையில் இட்லிக் கடை நடத்தும் அக்கா தன் போனை நீட்டிச் சொன்னார்: "தம்பி, காலைல இது என் விரலை எடுக்கவே மாட்டேங்குது. ராத்திரி படுக்கப் போறப்ப மட்டும் டக்குனு திறக்குது. கடைல காட்டினா சென்சார் போயிருச்சுங்கறாங்க." சென்சார் போயிருந்தால் ராத்திரியும் திறக்காது. நேரத்துக்கு நேரம் மாறுவது போன் அல்ல, விரல்தான்.

அக்காவின் போனில் கைரேகை சென்சார் பக்கவாட்டில் இருக்கும் பவர் பட்டனிலேயே அமைந்திருக்கிறது. நடுத்தர விலைப் போன்கள் பலவற்றிலும் லேப்டாப்களிலும் இதே வகைதான். பட்டனின் மேற்பரப்புக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத சிறு மின்தகடுகள் வரிசையாக இருக்கின்றன. விரலை வைத்ததும் ரேகையின் மேடுகள் அவற்றை ஒட்டி உட்காருகின்றன. பள்ளங்கள் சற்று எட்டி நிற்க, இடையில் காற்று இருக்கிறது. இதனால் மேட்டுக்குக் கீழே ஒரு மின்னளவும் பள்ளத்துக்குக் கீழே வேறொரு மின்னளவும் பதிவாகின்றன. இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் சென்சார் உங்கள் ரேகையை அறிகிறது.

ஈர விரலை வைத்தால் பள்ளங்களில் காற்று இருக்க வேண்டிய இடத்தைத் தண்ணீர் நிரப்பிவிடும். மேடு எது, பள்ளம் எது என்ற வித்தியாசம் போய்விடும். முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தாலும் சில சமயம் எடுக்காது. அரிசி களைந்து, மாவு அரைத்து, பாத்திரம் கழுவி வெகுநேரம் தண்ணீரில் ஊறிய விரல்நுனி சுருங்கிப்போயிருக்கும். நரம்புகள் அங்குள்ள ரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் ஏற்படும் சுருக்கம் அது. துடைப்பதால் ஈரம்தான் போகும், சுருக்கம் தானாகத் தணியும் வரை பொறுக்கத்தான் வேண்டும். அக்காவின் கை காலை முழுக்க ஊறியிருந்தது. ராத்திரியில் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. பனிக்காலத்தில் வறண்ட விரல், சிமென்ட் வேலை செய்து தேய்ந்த விரல், காய்ப்பு ஏறிய விரல் ஆகியவை சென்சாருடன் சரியாக ஒட்டுவதில்லை. ரேகை விட்டுவிட்டு மங்கலாகப் பதியும். வறட்சிதான் காரணம் என்றால், கொஞ்சம் மாய்ஸ்சரைசர் தடவி, அது தோலில் இறங்கிய பிறகு மேலே நிற்கும் பிசுக்கைத் துடைத்துவிட்டு வைத்துப் பாருங்கள்.

போன் தரும் செய்தியையும் நின்று படிக்க வேண்டும். சென்சாரைத் துடைக்கச் சொன்னால் அழுக்கோ ஈரமோ குறுக்கே நிற்கிறது. ரேகையின் ஒரு பகுதிதான் தெரிகிறது என்றால் விரல் சரியான இடத்தில் உட்காரவில்லை. ரேகை பொருந்தவில்லை என்று மட்டும் சொன்னால் சென்சார் பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்கிறது, பழைய பதிவோடு இன்றைய விரல் ஒத்துப்போகவில்லை. தொடர்ந்து ஐந்து முறை தவறினால் ஆண்ட்ராய்டு போன் கொஞ்ச நேரம் கைரேகையை ஏற்காது. அதனால் இரண்டு முறை எடுக்கவில்லை என்றால் பின் நம்பரைப் போட்டுத் திறந்துவிடுவதே நல்லது.

துடைக்கும் முன் போனை அணைத்துவிடுங்கள். கண்ணாடி துடைக்கும் மெல்லிய மைக்ரோஃபைபர் துணியால் முதலில் உலரத் துடைக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை என்றால் 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலைத் துணியின் ஓரத்தில் லேசாக நனைத்துத் துடைக்கலாம். போன் மீது நேராக ஊற்றவோ தெளிக்கவோ கூடாது. பட்டனைச் சுற்றியுள்ள விளிம்பில்தான் மாவும் தூசியும் அடைந்துகொள்ளும், அங்கே காதுக் குச்சியின் பஞ்சு முனை போதும். ஊசியும் பிளேடும் நெயில் பாலிஷ் ரிமூவரும் வேண்டவே வேண்டாம். கைக்குப் போடும் சானிடைசர் ஜெல்லும் உதவாது, அது பிசுபிசுப்பை விட்டுச் செல்லும்.

துடைத்த பிறகும் அக்காவின் போன் தடுமாறியது. காரணம் பதிவு செய்த விதத்தில் இருந்தது. வாங்கிய அன்று, கடை மேஜையில் போனைக் கிடத்தி வலது கட்டைவிரலின் நடுப்பகுதியை மட்டும் பதிந்திருக்கிறார்கள். பவர் பட்டனோ மெல்லிய பட்டை, அதில் ஒரு தடவைக்கு விரலின் சிறு பகுதிதான் தெரியும். அதனால்தான் பதியும்போது விரலை எடுத்து எடுத்து வைக்கச் சொல்கிறார்கள். அந்தத் துண்டுகளைச் சேர்த்துத்தான் போன் ஒரு பதிவை உருவாக்குகிறது. அதில் இல்லாத பகுதியை வைத்தால் திறக்காது. அக்கா போனைக் கையில் பிடித்தால் பட்டனில் படுவது கட்டைவிரலின் ஓரம்தான்.

எனவே கடை மூடிய பிறகு, கை நன்றாக உலர்ந்திருந்த நேரத்தில் பழைய பதிவை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினோம். எப்போதும் பிடிக்கிற மாதிரியே பிடித்தபடி, ஒவ்வொரு முறையும் விரலைக் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே, இடப்புறம், வலப்புறம் என்று நகர்த்தி வைக்கச் சொன்னேன். கடைசியில் போன் விளிம்புகளைக் கேட்கும்போது நுனியும் ஓரங்களும் பதிந்தன. வலது கையில் இட்லி எடுக்கும்போது போனை இடது கையில்தான் பிடிப்பார், அப்போது பட்டனில் படுவது இடது நடுவிரல். அதையும் சேர்த்தோம். காலை வேலையில் அதிகம் நனையாத விரலும் அதுதான். இப்போது காலையிலும் பெரும்பாலும் திறக்கிறது. கை ஊறியிருக்கும் நேரத்தில் மட்டும் பின் நம்பர் போடுகிறார்.

பழையதை அழிக்கும் முன் போனின் பின் நம்பரும் வங்கிச் செயலிகளின் எம்பின்னும் நினைவில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். புது விரல் சேர்ந்தாலே பல வங்கிச் செயலிகள் கைரேகை வசதியை நிறுத்திவிட்டு மறுபடி எம்பின் கேட்கும். உங்கள் போனைக் கைப்பற்றியவர் தன் விரலைச் சேர்த்துக் கணக்கைத் திறந்துவிடக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது.

திரைக்கு அடியில் சென்சார் இருந்தால் முதல் சந்தேகம் ஸ்கிரீன் கார்டு மீது வர வேண்டும். கண்ணாடிக்கும் கார்டுக்கும் இடையில் காற்று நின்றால் ரேகை சரியாகப் போய்ச் சேராது. 2019-இல் சாம்சங் கேலக்ஸி எஸ்10 போன்களில் இதைவிடப் பெரிய வில்லங்கம் நடந்தது. சில சிலிகான் உறைகளின் மேல் இருந்த கோலத்தையே சென்சார் ரேகையாக எடுத்துக்கொள்ள, பதியாத விரலுக்கும் போன் திறந்தது. உறையைக் கழற்றி, பழைய பதிவுகளை அழித்து, மென்பொருள் திருத்தம் வந்ததும் மறுபடி பதியும்படி நிறுவனம் சொன்னது. கார்டு மாற்றினால் விரலையும் மறுபடி பதியுங்கள்.

விண்டோஸ் லேப்டாப்பில் `Settings > Accounts > Sign-in options` பக்கத்தில் பழைய விரலை நீக்கிப் புதிதாகச் சேர்க்கலாம். கைரேகை வசதியே இப்போது கிடைக்காது என்று அங்கே காட்டினால், விரலைத் துடைத்துப் பயனில்லை. பெரும்பாலும் டிரைவர் கோளாறுதான், லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து அந்த மாடலுக்கான கைரேகை டிரைவரை மறுபடி நிறுவ வேண்டும்.

சென்சாரே போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள, ரேகை தெளிவாக உள்ள வேறொருவரின் உலர்ந்த விரலைப் புதிதாகப் பதிந்து பார்க்கலாம். பதிந்தால் சென்சார் வேலை செய்கிறது, சோதனைக்குப் பின் அந்தப் பதிவை மறக்காமல் அழித்துவிடுங்கள். அவருடைய விரலும் பதியவில்லை என்றால்தான் சர்வீஸ் சென்டர் பக்கம் போக வேண்டும். அதற்கு முன் திரை மாற்றியிருந்தால் அதையும் அங்கே சொல்லுங்கள். மாற்றுத் திரை தரமில்லாததாக இருந்தாலும், மாற்றியபின் சென்சாரை அளவு திருத்தாமல் விட்டாலும் இதே கோளாறு வரும்.